மூணு நாள் டூர், ஒரே ஒரு கார்டு

டூர் முடிவானதும் எல்லா க்ரூப்பிலும் ஒரு ஃபைல் சுற்ற ஆரம்பிக்கும். ஆறு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் ஊர் போட்டோ, இரண்டாம் பக்கத்தில் அந்த ஊரின் வரலாறு, நடுவில் எங்கேயோ ரயில் நேரம், கடைசியில் செலவுக் கணக்கு. எல்லாரும் அதுக்கு ஒரு தம்ஸ்-அப் போட்டுவிட்டு மூடிவிடுவார்கள். பிறகு டூர் அன்னைக்கு ராத்திரி க்ரூப்பில் வரிசையாக வந்து விழும்: "மச்சி, எந்த கோச்?", "ரூம் யார் பேர்ல புக் பண்ணிருக்கு?", "டிரைவர் அண்ணா நம்பர் யாராவது போடுங்கப்பா".

பதில் எல்லாமே அந்த ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது. தேவையான நிமிஷத்தில் கையில் சிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஆறு பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு எப்படிச் சுருக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. சுருக்குவது என்றால் எழுத்தைச் சின்னதாக்குவது இல்லை. எது இல்லாவிட்டால் யாராவது ஒருத்தர் நடுவழியில் நிற்பாரோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளுவது. அப்படிச் செய்யும்போது இன்னொன்றும் நடக்கும். திட்டத்தில் இருக்கும் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம்.

கையில் இருப்பது

சென்னையில் ஒரு கல்லூரி, 12 பேர், ஊட்டி-மைசூரு டூர். 2026 பிப்ரவரி 5 வியாழன் இரவு கிளம்பி 9 திங்கள் காலை திரும்புகிறார்கள். ஃபைலில் உள்ள கதைச் சுருக்கம் இப்படி இருக்கிறது:

"வியாழன் நைட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ். ரெண்டு பேர் சேலத்துல ஏறுவாங்க. வெள்ளி காலைல மேட்டுப்பாளையத்துல மலை ரயில், ஊட்டி, ரூம் போய் ரெஃப்ரெஷ், கார்டன். சனிக்கிழமை தொட்டபெட்டா, பைக்காரா, அப்படியே கூடலூர் வழியா வேன்ல மைசூரு. நைட்டு ஸ்டே. ஞாயிறு பேலஸ், ஜூ, சாமுண்டி மலை, ஈவ்னிங் லைட்டிங் பாத்துட்டு காவேரி எக்ஸ்பிரஸ். திங்கள் காலைல காலேஜ்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி இதைப் பிரிப்போம். கீழே வரும் ரயில் நேரங்களை மாதிரிக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை அவ்வப்போது மாறும். உங்கள் கார்டில் உங்கள் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம்தான் வர வேண்டும்.

முதல் வேலை: ஆணி நேரமும் ரப்பர் நேரமும்

ஒரு டூரில் இரண்டு வகை நேரம் உண்டு. ஒன்று உங்களுக்காகக் காத்திருக்காது. ரயில் கிளம்புவது, செக்-அவுட், டிக்கெட் கவுண்டர் மூடுவது எல்லாம் இந்த வகை. இதை ஆணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று இழுத்தால் வரும், விட்டால் சுருங்கும். கார்டனில் ஒன்றரை மணி நேரம் இருப்பதும் இரண்டு மணி நேரம் இருப்பதும் உங்கள் இஷ்டம். இது ரப்பர் நேரம்.

ஃபைலில் ஆணி நேரத்தின் மேல் ஹைலைட்டரால் கோடு போடுங்கள். நம் உதாரணத்தில் முதல் பார்வைக்குக் கிடைப்பது நான்கு: வியாழன் 21:05 சென்னை சென்ட்ரலில் ரயில், வெள்ளி 07:10 மேட்டுப்பாளையத்தில் மலை ரயில், ஞாயிறு 19:00 அரண்மனை விளக்கு, ஞாயிறு 21:00 மைசூருவில் ரயில்.

இத்தோடு நிறுத்திவிட்டால்தான் தப்பு நடக்கும். ஒவ்வொரு நாளையும் எடுத்து, "இன்னைக்கு எந்தக் கதவு எத்தனை மணிக்கு மூடும்?" என்று கேளுங்கள். சனிக்கிழமையில் ஆணியே இல்லாத மாதிரி தெரிகிறது. வேன் நம்முடையது, எப்ப வேணா கிளம்பலாம் என்று நினைப்போம். ஆனால் கூடலூரிலிருந்து மைசூரு போகும் சாலை முதுமலை, பந்திப்பூர் என்ற இரண்டு புலிகள் காப்பகங்களின் நடுவே போகிறது. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அந்தக் காட்டுச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஆம்புலன்ஸ் மாதிரி அவசர வண்டிகளுக்கும், அனுமதி பெற்ற ஒரு சில அரசுப் பேருந்துகளுக்கும்தான் விலக்கு. செக்போஸ்ட்டில் 9:10-க்குப் போய் நின்று, "அண்ணே, பத்து நிமிஷம்தானே" என்று கேட்டால் வேலைக்கு ஆகாது.

ஆக, இந்த டூரின் மிகக் கடினமான ஆணி சனிக்கிழமை 21:00. ஆறு பக்க ஃபைலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஞாயிறிலும் ஒன்று ஒளிந்திருக்கிறது. மைசூரு லாட்ஜில் செக்-அவுட் பகல் 12 மணி. அந்த நேரத்தில் 12 பேரும் அரண்மனைக்குள் இருப்பார்கள். யாராவது இரண்டு பேர் பாதியில் ஓடிவந்து அறையைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. கார்டில் "12:00 செக்-அவுட்", "10:00–12:30 அரண்மனை" என்று இரண்டு வரியும் அடுத்தடுத்து வந்து உட்காரும்போதுதான் இந்த மோதல் கண்ணில் படும். தீர்வு சுலபம். காலை 9:30-க்கே அறையைக் காலி செய்து பைகளை வேனில் போட்டுவிட வேண்டும். கார்டில் இடம்பெற வேண்டியது 12:00 அல்ல, இந்த 09:30.

லாட்ஜ் புக் பண்ணும்போதே "செக்-அவுட் பகல் 12-ஆ, 24 மணி நேரக் கணக்கா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு முறையும் நம்ம ஊர்ப் பக்கம் புழக்கத்தில் உண்டு.

இரண்டாவது: நள்ளிரவு

அதிகமாகக் கோட்டை விடுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சென்னையில் ஏறும் பத்துப் பேருக்குப் பயணம் வியாழன் 5-ம் தேதி. சேலத்தில் ஏறும் இருவருக்கு? ரயில் சேலம் வருவதற்குள் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி ஆகிவிடும். நாட்காட்டிப்படி அது வெள்ளி, 6-ம் தேதி. சேலத்திலிருந்து டிக்கெட் எடுக்கும்போது 6-ம் தேதி என்று போட்டுத்தான் எடுக்க வேண்டும். பேச்சு வழக்கில் எல்லாரும் சொல்வதோ "வியாழக்கிழமை நைட்டு". அதை நம்பி 5-ம் தேதி என்று டிக்கெட் எடுத்தால், அது புதன் இரவு சென்னையில் கிளம்பிய ரயிலுக்கான டிக்கெட். நண்பர்கள் வருகிற ரயிலில் அந்த இருவருக்கும் இடமே இருக்காது.

மறுபக்கமும் ஒரு தப்பு நடக்கலாம். டிக்கெட்டில் சரியாக 6-ம் தேதி இருக்கிறது. அதை "வெள்ளிக்கிழமை நைட்டு" என்று படித்துக்கொண்டு வெள்ளி இரவு ஸ்டேஷனுக்கு வந்தால், நண்பர்கள் அப்போது ஊட்டியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ரயில் எங்கே வருகிறது என்று ஆப்பில் பார்க்கும்போதும் இதே சிக்கல். அங்கே கேட்கப்படுவது ரயில் புறப்பட்ட ஊரில் கிளம்பிய தேதி. சேலத்தில் நிற்பவர் 6 என்று போட்டால், அன்றிரவு கிளம்பப் போகிற அடுத்த ரயில்தான் வரும், "இன்னும் புறப்படவில்லை" என்று காட்டும். ராத்திரி ஒன்றரை மணிக்கு பிளாட்ஃபாரத்தில் நிற்கும் இருவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பதற்றம் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் 5 என்று போட்டுத்தான் தேட வேண்டும்.

இதற்குக் கார்டில் மூன்று பழக்கம் போதும்.

ஒன்று, 24 மணி நேரக் கணக்கில் எழுதுங்கள். 9:05 என்றால் காலையா இரவா என்று யாரும் கேட்கக்கூடாது.

இரண்டு, தேதியோடு கிழமையையும் சேர்த்தே எழுதுங்கள். தேதி தப்பாக இருந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். இன்னொரு பயனும் உண்டு. மைசூரு மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அரண்மனை முழுவதும் விளக்கேற்றுவதும் ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில்தான். டூரை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் ஞாயிறு நிகழ்ச்சியில் பாதி காணாமல் போய்விடும். கிழமை கார்டில் இருந்தால், தள்ளிப்போடலாமா என்று பேசும்போதே அது தெரிந்துவிடும்.

மூன்று, 00:00-க்கும் 04:00-க்கும் நடுவில் எது வந்தாலும் இரண்டு நாளையும் எழுதுங்கள்: "வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி, 6-ம் தேதி 01:30". கொஞ்சம் நீளம்தான். கார்டில் நீளமாக இருக்க அனுமதி உள்ள ஒரே வரி இது.

மூன்றாவது: பின்னாலிருந்து கணக்கு

ஆணி நேரத்தை மட்டும் எழுதினால் கார்டு பாதிதான் உதவும். 21:00-க்கு கேட் மூடும் என்று தெரிந்தால் மட்டும் போதாது. பைக்காராவில் போட்டிங் போய்க்கொண்டிருக்கும்போது "இப்பக் கிளம்பணுமா, இன்னும் டைம் இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்கு ஆணியிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

சனிக்கிழமையைப் போட்டுப் பார்ப்போம். கேட் மூடுவது 21:00. மலைப்பாதையில் ஒருத்தருக்காவது வாந்தி வரும், வண்டி பஞ்சராகலாம், கூடலூரில் டிராஃபிக் இருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 20:00-க்குத் தெப்பக்காடு செக்போஸ்ட்டில் இருக்க வேண்டும். கூடலூரிலிருந்து அங்கே போக முக்கால் மணி, அதாவது கூடலூரை விட்டு 19:15-க்குக் கிளம்ப வேண்டும். கூடலூரில் டீ, பாத்ரூம் எல்லாம் சேர்த்து அரை மணி, ஆக அங்கே 18:45-க்குச் சேர வேண்டும். பைக்காராவிலிருந்து கூடலூர் வரை வளைந்து வளைந்து இறங்கும் பாதை, ஒன்றே கால் மணி. அப்படியானால் பைக்காராவை விட்டு 17:30-க்குக் கிளம்பியாக வேண்டும்.

இந்த 17:30-க்குப் பெயர் "கடைசி நேரம்". திட்ட நேரம் வேறு. நம் 12 பேர் 16:00-க்குக் கிளம்புவதாகத் திட்டம். கார்டில் இரண்டும் இருக்க வேண்டும்: "16:00 கிளம்பு, கடைசி 17:30". 16:20 ஆகிவிட்டால் யாரும் யாரையும் திட்ட வேண்டாம். 17:20 ஆகிவிட்டால் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு வேனில் ஏற வேண்டும். திட்ட நேரம் மட்டும் எழுதிய கார்டில் ஒரு சிக்கல் வரும். இரண்டு தடவை அதைத் தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை என்றால், மூன்றாவது தடவை யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

கடைசி நேரமும் போய்விட்டால் என்ன செய்வது என்று பக்கத்திலேயே ஒரு வரி வேண்டும். இங்கே அது: "கேட் மூடினால் கூடலூரில் இரவு தங்கல், காலை 06:00-க்கு முதல் வண்டியாக." இதை முன்கூட்டியே எழுதி வைத்தால், களைப்பாக இருக்கும் 12 பேர் இருட்டில் நின்று விவாதம் நடத்த வேண்டியதில்லை.

ஞாயிறு மாலையும் இதே மாதிரிதான். ரயில் 21:00. கோச் தேடி, பை ஏற்றி உட்கார, ஸ்டேஷனில் 20:15-க்கு இருந்தாக வேண்டும். அரண்மனையிலிருந்து ஸ்டேஷன் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் விளக்கு பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். 12 பேரைச் சேர்த்து வேனுக்கு வரவே 20 நிமிஷம் ஆகலாம், பிறகு வழியில் 25 நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 19:30 கடைசி. விளக்கு 19:00-க்கு எரியும், அரை மணி பார்க்கலாம். கடைசி வரை நின்றால் ரயில் சந்தேகம். இது முன்னாலேயே தெரிந்துவிட்டால், அரை மணியும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஒரு நாள் முழுக்கத் தாமதமாகிக்கொண்டே போனால் எதை விடுவது என்பதையும் முதலிலேயே பேசி முடித்து எழுதிவிடுங்கள். ஞாயிறில் விட வேண்டியது சாமுண்டி மலை. ஏறி இறங்கும் நேரம் நம் கையில் இல்லை, அது விளக்கு நேரத்துக்கும் ஒட்டி வருகிறது.

நான்காவது: புக்கிங் வரி

ஒவ்வொரு புக்கிங்குக்கும் கார்டில் ஒரு வரிதான். அந்த வரி, கவுண்டரில் அல்லது டி.டி.இ. முன்னால் நிற்கும்போது வரும் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

ரயிலுக்கு: பி.என்.ஆர். எண், கோச், பெர்த், அடையாள அட்டை யார் கையில். ஐ.ஆர்.சி.டி.சி.-யில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும். அதனால் நம் 12 பேருக்கு ஒரே பி.என்.ஆர். கிடையாது. எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஏறும் பத்துப் பேருக்கு இரண்டு, சேலம் ஜோடிக்கு ஒன்று, மலை ரயிலுக்கு இரண்டு, திரும்பி வர இரண்டு. மொத்தம் ஏழு. ஒவ்வொரு இ-டிக்கெட்டிலும் பெயர் உள்ளவர்களில் ஒருவராவது ஒரிஜினல் அடையாள அட்டையைக் காட்டியாக வேண்டும். எல்லா டிக்கெட்டும் எடுத்தவர் ஒரே ஆள், எல்லாம் அவர் போனில் இருக்கிறது, அவரோ வேறு கோச்சில் என்றால் சேலம் ஜோடியின் நிலைமை என்ன? அதனால் அவரவர் கார்டில் அவரவர் பி.என்.ஆரை வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

டிக்கெட்டின் நிலையையும் எழுதுங்கள்: உறுதி, ஆர்.ஏ.சி., வெயிட்டிங். முழுவதும் வெயிட்டிங்கில் உள்ள இ-டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் அப்படியே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயில் ஏற முடியாது. வெயிட்டிங் டிக்கெட்டை உறுதியான டிக்கெட் மாதிரியே கார்டில் எழுதினால், அதை நம்பி ஒருத்தர் ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார்.

லாட்ஜுக்கு: யார் பெயரில் புக்கிங், எத்தனை அறை, கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, செக்-அவுட் எப்போது. முன்பணம் கட்டியதை கார்டில் எழுதாவிட்டால் கவுண்டரில் இரண்டு தரப்பும் இரண்டு தொகை சொல்லும்.

வேனுக்கு: வண்டி எண், டிரைவர் எண், வாடகையில் என்னென்ன அடக்கம். இந்த டூரில் வேன் மாநில எல்லையைத் தாண்டுகிறது. கர்நாடகா பர்மிட், டிரைவர் பேட்டா, வண்டி காலியாக ஊட்டி திரும்பும் கிலோமீட்டர் ஆகிய மூன்றும் பேசிய தொகைக்குள்ளா வெளியிலா என்பதை "அடக்கம்" அல்லது "தனி" என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். டூர் முடிகிற நேரத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

எழுதக் கூடாததும் உண்டு. ஆதார் எண், வங்கி விவரம், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். கார்டு தொலைந்து போகும் பொருள். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். பி.என்.ஆர். தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கோச்சையும் பெர்த்தையும் பார்த்துவிடலாம்.

ஐந்தாவது: யாரை, எந்த வரிசையில் கூப்பிடுவது

ஃபைலில் 12 பேரின் எண்ணும் இருக்கும். கார்டில் அது தேவையில்லை. சிக்கலில் இருப்பவருக்கு வேண்டியது வரிசை. முதலில் யார், அவர் எடுக்கவில்லை என்றால் யார்.

நம் உதாரணத்துக்கு ஐந்து எண் போதும்: லீடர் 1, லீடர் 2, வேன் டிரைவர், அன்றைய லாட்ஜ், சென்னையில் இருக்கும் ஒருவர். லீடர்கள் இருவரும் ஒரே கோச்சில், ஒரே கம்பெனி சிம்மோடு இருக்கக் கூடாது. காட்டுச் சாலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஒன்றில் இல்லாவிட்டாலும் இன்னொன்றில் கிடைக்கலாம்.

ஐந்தாவது ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டூருக்கு வராத ஒரு ஹாஸ்டல் நண்பரோ வார்டனோ கார்டின் ஒரு பிரதியை வைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் யாருடைய போனும் கிடைக்காது. அப்போது ஒரு அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டால், "இப்ப காட்டு ரோட்டுல போய்க்கிட்டு இருப்பாங்கம்மா, ஒன்பது மணிக்கு மைசூரு போயிடுவாங்க, நான் பேசிட்டுச் சொல்றேன்" என்று சொல்ல ஒருத்தர் இருக்க வேண்டும். பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய எண்ணும் அவருடையதுதான்.

பொது எண்கள் இரண்டு: எந்த அவசரத்துக்கும் 112, ரயிலில் எதுவானாலும் 139. இரண்டும் தமிழ்நாடு, கர்நாடகா இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

எண்களை எல்லாரும் போனில் சேமித்துவிட்டாலும் கார்டில் இலக்கமாக எழுதியே ஆகவேண்டும். போன் சார்ஜ் போன பிறகு பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கித்தான் பேசப் போகிறோம். அப்போது நினைவில் இருப்பது நம் வீட்டு நம்பர் மட்டும்தான்.

முடிந்த கார்டு

எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வரும். கோடு போட்ட இடங்கள் உங்கள் விவரத்துக்கு.

வியாழன் 5 பிப்.
20:15 சென்ட்ரலில் கூடல் (கடைசி 20:45)
21:05 ரயில் | பி.என்.ஆர். அ ____, ஆ ____ | கோச் ____ | உறுதி | அடையாள அட்டை: ____
சேலம் 2 பேர்: வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி, 6-ம் தேதி 01:30 | பி.என்.ஆர். இ ____ | ஆப்பில் தேட வேண்டிய தேதி 5

வெள்ளி 6 பிப்.
06:20 மேட்டுப்பாளையம்
07:10 மலை ரயில் | பி.என்.ஆர். ஈ ____, உ ____ | ரத்தானால்: பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊட்டி பஸ்
12:00 ஊட்டி, லாட்ஜ் ____ | பெயர் ____ | 4 அறை | பாக்கி ரூ. ____
15:00 தாவரவியல் பூங்கா

சனி 7 பிப்.
09:00 அறை காலி, வேன் ____ | பர்மிட், பேட்டா, திரும்பும் கி.மீ.: ____
09:45 தொட்டபெட்டா
13:00 ஊட்டியில் சாப்பாடு
14:15 பைக்காரா
16:00 கிளம்பு (கடைசி 17:30)
21:00 காட்டு கேட் மூடும் | மூடினால்: கூடலூரில் தங்கல், காலை 06:00
21:00 வாக்கில் மைசூரு லாட்ஜ் ____ | பெயர் ____ | பாக்கி ரூ. ____

ஞாயிறு 8 பிப்.
09:30 அறை காலி, பை வேனில்
10:00 அரண்மனை
14:00 மிருகக்காட்சி சாலை
17:00 சாமுண்டி மலை (தாமதமானால் முதலில் விடுவது)
19:00 அரண்மனை விளக்கு
19:30 வேனுக்கு (கடைசி)
21:00 ரயில் | பி.என்.ஆர். ஊ ____, எ ____ | கோச் ____ | நிலை ____

திங்கள் 9 பிப்.
07:00 வாக்கில் சென்னை

கூப்பிட: லீடர் 1 ____ → லீடர் 2 ____ → சென்னை நண்பர் ____ | டிரைவர் ____ | லாட்ஜ் ____ | 112 | 139

மலை ரயில் வரியில் "ரத்தானால்" என்று ஏன் போட்டிருக்கிறது என்று கேட்கலாம். மழைக்காலத்தில் கல்லாறு-குன்னூர் பகுதியில் மண் சரிந்து அந்த ரயிலை நிறுத்துவது அடிக்கடி நடப்பது. பிப்ரவரியில் வாய்ப்புக் குறைவு. ஆனாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் பஸ் உண்டு என்ற ஒரு வரி கையில் இருந்தால், ரயில் இல்லை என்று தெரிந்த அடுத்த நிமிஷம் என்ன செய்வது என்று யாரும் யோசிக்க வேண்டாம்.

ஊர் வரலாறு, எங்கே எந்த ஹோட்டலில் பிரியாணி நன்றாக இருக்கும், தலைக்கு எவ்வளவு செலவு, எதுவும் கார்டில் இல்லை. அவை ஃபைலிலேயே இருக்கட்டும். அவற்றைத் தேடிப் பார்க்க நேரம் கிடைக்கும்.

அச்சடிக்கும் முன் ஒரு சோதனை

கார்டை டூருக்கு வராத ஒரு ரூம்மேட்டிடம் கொடுங்கள். நீங்கள் எதையும் விளக்கக் கூடாது. மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு நாங்க எங்கே இருப்போம்? லாட்ஜில் "உங்க பேர்ல புக்கிங் இல்லையே" என்றால் என்ன சொல்வாய்? சேலம் பிளாட்ஃபாரத்தில் நிற்கும் இருவருக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் பத்து நொடிக்குள் கார்டைப் பார்த்துப் பதில் சொன்னால் கார்டு தயார். எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

அச்சு என்றால் ஏ4 தாளை நான்காக மடித்த அளவு. அதற்குள் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்காதீர்கள். ரப்பர் நேர வரிகளில் ஒன்றை எடுங்கள். ரயிலின் மங்கல் வெளிச்சத்திலும் படிக்க முடிய வேண்டும். ஆளுக்கொரு தாள், கூடவே போன் கேலரியில் ஒரு படம், நெட் இல்லாமலும் திறக்கும்.

மூலையில் மறக்காமல் "பதிப்பு 2, புதன் 4 பிப். 20:00" என்று போடுங்கள். டூருக்கு முந்தைய வாரத்தில் கோச் மாறும், வேன் மாறும், மூன்று கார்டு க்ரூப்பில் சுற்றும். எது புதுசு என்று தெரியாவிட்டால் கார்டே இல்லாததைவிட மோசம். திருத்தம் செய்யும் உரிமை ஒரே ஆளுக்குத்தான். மற்றவர்கள் அவரிடம் சொல்ல வேண்டும். புதுசு போட்டதும் பழைய படத்தை க்ரூப்பிலிருந்து அழித்துவிட வேண்டும்.

கடைசித் திருத்தம் வியாழன் மாலை, சார்ட் வந்த பிறகு. ஆர்.ஏ.சி.-யில் இருந்தவர்களுக்குப் பெர்த் கிடைத்ததா என்று பார்த்து, கோச் எண்ணைப் பேனாவாலேயே எழுதிக்கொள்ளலாம். சேலம் ஜோடிக்கு மட்டும் அப்போது ஒரு போன் போட்டு, அவர்கள் கார்டில் உள்ள அந்த நீளமான வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.